மெதுவாகச் சாப்பிட்டு அளவைக் குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெதுவாகச் சாப்பிட்டால் நிஜமாகவே சாப்பாடு குறையுமா?

குறையும். ஆனால் பாதியாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

2008-ல் வெளியான ஓர் ஆய்வில் 30 பெண்களுக்கு ஒரே மதிய உணவை இரண்டு வெவ்வேறு நாட்களில் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஒரு நாள் முடிந்தவரை வேகமாகச் சாப்பிட வேண்டும். இன்னொரு நாள் சிறு சிறு வாயாக எடுத்து, நன்றாக மென்று, ஒவ்வொரு வாய்க்கும் இடையில் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும். வேகமான நாளில் சுமார் 9 நிமிடத்தில் 646 கலோரி உள்ளே போயிருந்தது. மெதுவான நாளில் 29 நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டும் 579 கலோரிதான். குறைவாகச் சாப்பிட்ட நாளில்தான் வயிறு நிறைந்த உணர்வு அதிகமாக இருந்தது என்று அவர்கள் சொன்னதுதான் இதில் முக்கியமான செய்தி. மெதுவான நாளில் அவர்கள் தண்ணீரும் கூடுதலாகக் குடித்தார்கள், அதற்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம்.

2014-ல் இதுபோன்ற 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் விடை மாறவில்லை: வேகம் குறைந்தால் உண்ணும் அளவு குறைகிறது, அப்படிக் குறைத்துச் சாப்பிட்டதால் பிற்பாடு பசி கூடுவதும் இல்லை.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அதே 2014-ல் வந்த இன்னொரு ஆய்வில், சராசரி எடை உள்ளவர்களிடம் அளவு தெளிவாகக் குறைந்தது. எடை கூடியவர்களிடம் குறைவு சிறிதாகவே இருந்தது, அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவில்தான். ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, மெதுவாகச் சாப்பிட்ட நாளில் இரு தரப்பினருக்கும் பசி குறைவாக இருந்தது. ஆகவே வேகத்தைக் குறைப்பதோடு, தட்டில் போடும் அளவையும் கொஞ்சம் மாற்றினால்தான் பலருக்குப் பலன் தெரியும். கீழே உள்ள முறை இரண்டையும் சேர்த்துத்தான் போகிறது.

வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிய 20 நிமிஷம் ஆகும் என்கிறார்களே, சரிதானா?

கிட்டத்தட்ட சரி. ஆனால் 20-வது நிமிடத்தில் மணி அடிப்பதுபோல ஒரு தகவல் போவதில்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து வெவ்வேறு நேரத்தில் கிளம்பும் தகவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் "போதும்" என்ற உணர்வு உருவாகிறது.

முதல் தகவல் வாயிலிருந்தே தொடங்குகிறது. உணவு நாக்கில் எவ்வளவு நேரம் படுகிறது, எத்தனை முறை மெல்லப்படுகிறது என்பதை மூளை கவனிக்கிறது. அரைகுறையாக மென்று விழுங்கினால் இந்தத் தகவல் குறைவாகவே போகும்.

இரண்டாவது, இரைப்பை விரிவது. இரைப்பைச் சுவரில் உள்ள நரம்பு முனைகள் இழுவையை உணர்ந்து, வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. நரம்பு வழித் தகவல் நொடியில் போய்விடும். ஆனால் ஒரு சிக்கல்: உணவு வரும்போது இரைப்பையின் மேல்பகுதி தானாகவே தளர்ந்து இடம்விடுகிறது. அதனால் முதல் சில நிமிடங்களில் நிறையப் போட்டாலும் இழுவை பெரிதாகத் தெரியாது.

மூன்றாவது, சிறுகுடல். இரைப்பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் முதல் பகுதியைத் தொட்டதும் அங்கே கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. சாப்பிடத் தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் அதன் அளவு ஏறத் தொடங்கும். இரைப்பை காலியாவதை மெதுவாக்குவதும் இதன் வேலை. அதற்கும் கீழே குடலிலிருந்து வரும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள் இன்னும் தாமதமாக உச்சத்தைத் தொடுகின்றன. பிஒய்ஒய் உச்சத்துக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். அடுத்த வேளை வரை பசி அடங்கியிருக்க இவை உதவுகின்றன.

சுடுநீர்க் குழாயைத் திறந்ததும் சூடு வரத் தாமதமானால், பொறுமையிழந்து இன்னும் திருகிவிடுகிறோம். பிறகு கை சுடுகிறது. வேகமாகச் சாப்பிடுபவருக்கு நடப்பதும் இதுதான். 7 நிமிடத்தில் தட்டு காலி. குடல் அப்போதுதான் பேசவே தொடங்கியிருக்கும்.

2010-ல் 17 ஆண்களிடம் செய்த ஆய்வு ஒன்று இதை இரத்தத்திலேயே காட்டியது. ஒரே அளவு ஐஸ்கிரீமை ஒரு நாள் 5 நிமிடத்திலும் இன்னொரு நாள் 30 நிமிடத்திலும் சாப்பிட்டார்கள். 30 நிமிட நாளில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் கூடுதலாகச் சுரந்தன. உள்ளே போனது அதே பண்டம், அதே அளவு.

நான் வேகமாகச் சாப்பிடுகிற ஆளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று நாள், நாளுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு மட்டும் நேரம் பாருங்கள். முதல் வாய் எடுக்கும்போது மணி, கடைசி வாய் விழுங்கியதும் மணி. இந்த மூன்று நாளும் எதையும் மாற்றாதீர்கள்; கவனிக்கிறோம் என்பதாலேயே வேகம் குறையும், அதனால் மூன்றில் மிகக் குறைந்த நேரமே உங்கள் உண்மையான நேரத்துக்கு அருகில் இருக்கும். பேச்சில் போன நேரத்தைக் கழித்துவிடுங்கள்.

முழுச் சாப்பாடு 10 நிமிடத்துக்குள் முடிகிறது என்றால் இந்த முறை உங்களுக்கு வேலை செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஏற்கனவே 20 நிமிடம் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் வேகத்தில் பெரிதாகக் குறைக்க ஒன்றும் இல்லை. உங்களுக்கு அளவும், உணவின் தன்மையும், தட்டைவிட்டு எழும் இடமும்தான் முக்கியம். அந்தக் கேள்விகளுக்கு நேராகப் போகலாம்.

நேரத்தோடு இன்னொன்றையும் கவனியுங்கள்: வாயில் உள்ளதை விழுங்குவதற்கு முன்பே அடுத்த வாய் தயாராகிறதா? பெரும்பாலான வேகம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பல் மெல்லும் வேகத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் கை நிற்பதே இல்லை. முந்தைய கவளம் தொண்டையைத் தாண்டும் முன்பே அடுத்தது கையிலோ கரண்டியிலோ உதட்டருகே காத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் வாய் அவசர அவசரமாக இடம்விடுகிறது.

மெதுவாகச் சாப்பிட உட்கார்ந்தால் மூன்று வாய்க்குள் பழைய வேகத்துக்குப் போய்விடுகிறேன். என்னதான் செய்வது?

"மெதுவாக" என்ற பொதுவான முடிவு நிற்காது. பசியில் மனம் தட்டில் இருக்கும், கட்டளை மறந்துபோகும். கைக்கு ஒரு வேலை சொல்லிக்கொடுத்தால் மட்டுமே நிற்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம், மாற்ற வேண்டியது எவ்வளவு சின்னது என்று புரியும்.

ஒருவர் மதியச் சாப்பாட்டை 7 நிமிடத்தில், 40 வாயில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய்க்குப் பத்தரை நொடி. அவர் வாயின் அளவைக் கொஞ்சம் சிறிதாக்குகிறார். அதே சாப்பாடு இப்போது 55 வாயாகிறது. ஒவ்வொரு வாய்க்கும் இரண்டரை நொடி மட்டும் கூட்டுகிறார், அதாவது 13 நொடி. 55 வாய்க்கு 715 நொடி, ஏறக்குறைய 12 நிமிடம். நடுவில் 2 நிமிடம் கை ஓய்வு. மொத்தம் 14 நிமிடம். நேரம் இரட்டிப்பாகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு வாயிலும் அவர் செய்தது மிகச் சிறிய மாற்றம்தான்.

இதை இரண்டு வாரத்தில் பழக்கலாம். முதல் மூன்று நாள், வாயைச் சிறிதாக்குவது மட்டும். கரண்டியில் சாப்பிட்டால் சிறிய கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். கையில் சாப்பிட்டால் விரல் நுனியளவுக்கு எடுங்கள். ஒரு வாய் முடியாமல் கன்னம் புடைத்தால் அது பெரிய வாய். அடுத்த நாட்களில், மெல்லும்போது கை தட்டைவிட்டு விலகியிருக்க வேண்டும். கரண்டியைக் கீழே வையுங்கள். கையால் சாப்பிடுபவர் கையைத் தட்டின் விளிம்பில் ஓய்வாக வைக்கலாம். விழுங்கிய பிறகே கை நகரலாம் என்பது ஒரே விதி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரலால் பிடித்தபடியே இருந்தால் அது வைத்ததாகாது, அடுத்த வாய் வந்துவிடும்.

இரண்டாவது வாரத்தில் இடைநிறுத்தம் சேரும். தட்டில் முக்கால்வாசி முடிந்ததும் 2 நிமிடம் நிறுத்துங்கள். அதைப் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

எல்லா வேளையையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் பெரும்பாலும் நான்கு நாளில் எல்லாமே கைவிட்டுப்போகும். அவசரம் குறைவான ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வேளையிலும் முதல் ஐந்து வாய்தான் உண்மையான போர்க்களம். பசி உச்சத்தில் இருப்பது அப்போதுதான். அந்த ஐந்தையும் ஒழுங்காக எடுத்துவிட்டால் மீதி அதே தாளத்தில் போகும். நடுவில் பழைய வேகம் திரும்பியதை உணர்ந்தால், ஒரு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அது தோல்வி என்று எண்ண வேண்டாம், அந்தக் கவனம்தான் பயிற்சி.

ஒவ்வொரு வாயையும் 32 தடவை மெல்லணுமா?

வேண்டாம். நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவில் ஹோரேஸ் ஃப்ளெட்சர் என்பவர், உணவு வாயிலேயே நீராகும்வரை மெல்லச் சொல்லிப் பெரும் புகழ் பெற்றார். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஒரு பச்சைக் காய்த்துண்டுக்கு 30 முறை மெல்ல வேண்டியிருக்கும். வெந்து குழைந்த உணவுக்கு 10 முறைகூட அதிகம். எண்ணிக்கொண்டே சாப்பிட்டால் கவனம் எண்ணிக்கையில் போய்விடும், சுவையில் இருக்காது. கட்டி எதுவும் இல்லாமல், விழுங்கும்போது தண்ணீர் தேவைப்படாத பதம் வந்தால் போதும்.

வயிறு முட்டினால்தான் எனக்கு நிறைந்ததே தெரிகிறது. அதற்கு முன்னாடி எப்படிக் கண்டுபிடிப்பது?

வயிறு முட்டுவது கடைசி அறிகுறி. அதற்கு முன்பே மூன்று சின்ன மாற்றங்கள் வருகின்றன. இதுவரை கவனிக்காததால் தெரியாமல் போயிருக்கும்.

முதலாவது, சுவை மங்குவது. முதல் வாயில் இருந்த ருசி இருபதாவது வாயில் இருப்பதில்லை. உணவு மாறவில்லை, ஒரே சுவை தொடர்ந்து வரும்போது அதன்மேல் ஆசை குறைகிறது. ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடைய சகாக்களும் 1980-களின் தொடக்கத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். சாப்பிட்ட உணவின் மேல் ஆசை குறைந்தாலும், சாப்பிடாத உணவின் மேல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு இடம் இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். தட்டில் வகை கூடக்கூட இந்த அறிகுறி தள்ளிப்போகும்.

இரண்டாவது, வேகம் தானாகத் தளர்வது. கை கொஞ்சம் தயங்கும், பேச்சு கூடும், கண் தட்டைவிட்டு அகலும். மூன்றாவது, வயிற்றின் மேல்பகுதியில், விலா எலும்புகள் சேரும் இடத்துக்குக் கீழே, லேசான இறுக்கம். வலி இல்லை, கனமும் இல்லை. "இங்கே ஏதோ இருக்கிறது" என்ற உணர்வு மட்டும்.

இவற்றைப் பிடிக்கத்தான் அந்த 2 நிமிட இடைநிறுத்தம். முக்கால்வாசி முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இரண்டு மூன்று முறை மெதுவாக விட்டு, மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வாய் முதல் வாய் அளவுக்கு ருசித்ததா? விலாவுக்குக் கீழே என்ன தெரிகிறது? இப்போதே தட்டை யாராவது எடுத்துக்கொண்டு போனால் எரிச்சல் வருமா, இல்லை பரவாயில்லை என்றிருக்குமா? மூன்றாவது கேள்விக்கு "பரவாயில்லை" என்று பதில் வந்தால் அதுதான் நீங்கள் தேடிய இடம். எரிச்சல் வரும் என்றால் தொடர்ந்து சாப்பிடுங்கள், தயங்கத் தேவையில்லை.

முதல் பத்து நாள் இதில் எதுவுமே தெரியாமல் போகலாம். பல வருடமாகக் கேட்காத குரல் அது. எழுந்து 20 நிமிடம் கழித்து இன்னொரு முறை வயிற்றைக் கவனியுங்கள். அப்போது அசௌகரியமாக இருந்தால், நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தைத் தாண்டியிருக்கிறீர்கள் என்று தெரியும். இந்தப் பின்னோக்கிய கணிப்புதான் முன்கூட்டியே உணரக் கற்றுக்கொடுக்கிறது.

எடை பார்க்காமல், கலோரி எண்ணாமல் தட்டின் அளவை எப்படிக் குறைப்பது?

முதல் வாரம் வழக்கமான அளவையே போட்டுக்கொள்ளுங்கள். வேகம் மட்டும் மாறட்டும். மேலே பார்த்த 55 வாய்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முக்கால்வாசி என்பது 41-வது வாய். அது வரும்போது 9 நிமிடம் ஆகியிருக்கும், இடைநிறுத்தம் முடியும்போது 11 நிமிடம். பழைய வேகத்தில் இந்த நேரத்துக்குத் தட்டைக் கழுவியே வைத்திருப்பார். இப்போது இன்னும் 14 வாய் மிச்சம். அதில் ஏழு வாய் எடுத்ததும் போதும் என்று தோன்றி எழுந்தால், மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

சில நாள் தொடர்ந்து ஏறக்குறைய ஒரே அளவு மிஞ்சுகிறது என்றால், அடுத்த வாரம் அதை முதலிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். தட்டில் மீதி வைப்பது மனதுக்கு ஒப்பாத விஷயம்; வீணாகிறதே என்று நாலாவது நாள் வழித்துச் சாப்பிட்டுவிடுவோம். தட்டு காலியாவது நம் கண்ணுக்கு முடிவின் அடையாளம். அந்த அடையாளத்தோடு சண்டை போடுவதைவிட, சரியான அளவில் தட்டைக் காலியாக்குவது எளிது.

குறைக்கும்போது எல்லாவற்றிலும் ஒரேபோல எடுக்காதீர்கள். காய்கறியையும், பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதத்தையும் அப்படியே விட்டுவிட்டு, மாவுப்பண்டத்திலும் எண்ணெய் சேர்ந்ததிலும் எடுங்கள். காய்கறி இடத்தை நிரப்பும், புரதம் பசியை நெடுநேரம் அடக்கி வைத்திருக்கும்.

இரண்டாவது தடவை போட்டுக்கொள்வதைத் தடை செய்ய வேண்டாம். ஒரு நிபந்தனை மட்டும்: முதல் தட்டு முடிந்து 10 நிமிடம் கழியட்டும். பாத்திரங்கள் மேசையிலேயே இருந்தால் அந்த 10 நிமிடம் 10 நொடியாகிவிடும், எனவே அவை சமையலறையிலேயே இருக்கட்டும். 10 நிமிடத்துக்குப் பிறகும் பசி இருந்தால் அது உண்மையான பசி. தயங்காமல் முதலில் எடுத்ததில் பாதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சின்னத் தட்டு வாங்கினால் போதுமா?

அதை மட்டும் நம்ப வேண்டாம். சின்னத் தட்டால் சாப்பாடு குறைகிறது என்பதற்குச் சான்றுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன. இருமுறை போட்டுக்கொண்டால் கணக்கு சமமாகிவிடும். தட்டைவிடப் பரிமாறும் கரண்டியின் அளவு உதவியாக இருக்கலாம், ஏனென்றால் நாம் பெரும்பாலும் கரண்டிக் கணக்கில்தான் போட்டுக்கொள்கிறோம்.

போனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத்தான் சாப்பிடுகிறேன். அதனால் என்ன?

நேரம் நீள்கிறது, ஆனால் தகவல் பதிவாவதில்லை. கவனம் சிதறிய நிலையில் சாப்பிடுபவர்கள் அந்த வேளையிலேயே கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். அதைவிடப் பெரிய விளைவு அடுத்த வேளையில் வருகிறது. 2013-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு இந்த இரண்டையுமே காட்டியது. பிற்பாடு கூடிய அளவு, உடனடியாகக் கூடியதைவிட அதிகம்.

காரணம் நினைவு. பசி என்பது வயிற்றில் மட்டும் தீர்மானமாவதில்லை; "கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் நன்றாகச் சாப்பிட்டேன்" என்ற ஞாபகமும் அதில் சேர்கிறது. உளவியலாளர் பால் ரோஸினும் அவருடைய குழுவும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், சற்றுமுன் நடந்ததையே நினைவில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு மூளை பாதிக்கப்பட்ட இருவருக்கு மதிய உணவு கொடுத்தார்கள். முடித்து 10 முதல் 30 நிமிடத்துக்குள் இன்னொரு சாப்பாட்டை வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவதையும் பெரும்பாலும் தொடங்கினார்கள். வயிறு நிறைந்திருந்தது, ஆனால் சாப்பிட்ட ஞாபகம் இல்லை.

திரையைப் பார்த்தபடி சாப்பிடும்போது நாம் அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துவிடுகிறோம். முழுச் சாப்பாட்டுக்கும் போனைத் தள்ளிவைக்க முடியாவிட்டால், முதல் 5 நிமிடமும் இடைநிறுத்தத்துக்குப் பின் வரும் பகுதியும் திரை இல்லாமல் இருக்கட்டும். பிற்பகலில் ஏதாவது கொறிக்கத் தோன்றும்போது, மதியம் தட்டில் என்னென்ன இருந்தது என்று ஒரு நிமிடம் வரிசையாக நினைத்துப் பாருங்கள். சில ஆய்வுகளில் இந்தச் சின்ன வேலைகூட நொறுக்குத்தீனியின் அளவைக் குறைத்திருக்கிறது.

எல்லாம் செய்கிறேன், நேரமும் கூடியிருக்கிறது. ஆனாலும் அளவு குறையவில்லை. எங்கே தப்பு?

முதலில் உணவின் பதத்தைப் பாருங்கள். மென்மையான, வாயில் கரையும் பண்டத்தை மெதுவாகச் சாப்பிட உங்களால் எவ்வளவு முயன்றாலும் முடியாது. அதில் மெல்ல ஒன்றுமில்லை. 2014-ல் ஓர் ஆய்வில் ஒரே வகை மதிய உணவை மென்மையாகவும், கடித்து மெல்ல வேண்டிய பதத்திலும் கொடுத்துப் பார்த்தபோது, கடினமான பதத்தில் சாப்பிட்டவர்கள் சுமார் 13 சதவீதம் குறைவாக உண்டார்கள். யாரும் அவர்களை மெதுவாகச் சாப்பிடச் சொல்லவில்லை, உணவே சொன்னது. காயைக் குழைய வேகவிடாமல் கொஞ்சம் முன்னதாக இறக்குவது, பழச்சாறுக்குப் பதில் பழம், மசித்ததற்குப் பதில் முழுதாக இருப்பது ஆகியவை மனவுறுதியைவிட நம்பகமானவை.

இதோடு சேர்ந்தது, ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து, இரண்டு வாரம் அத்தகைய உணவும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தது. பதப்படுத்திய உணவு நாட்களில் அவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், வேகமாகவும் உண்டார்கள்.

இரண்டாவது, பசி எல்லை மீறிய பிறகு உட்காருவது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் மாலை 4 மணிக்குத் தட்டு முன் வந்தால், எந்த முறையும் முதல் 5 நிமிடத்தில் உடைந்துபோகும். அப்படிப்பட்ட நாளில் சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்னால் ஒரு கிண்ணம் தெளிந்த சூப்போ ஒரு பழமோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தனியாகக் குடிப்பதைவிட அதே தண்ணீரைச் சூப்பாகக் குடிப்பது அடுத்து வரும் உணவைக் கூடுதலாகக் குறைக்கிறது என்று ரோல்ஸின் 1999 ஆய்வு காட்டியது.

மூன்றாவது, குடிக்கும் கலோரி. இனிப்பான பானங்கள் வாயில் நிற்பதில்லை, இரைப்பையில் தங்குவதும் குறைவு. மெதுவாக உறிஞ்சினாலும் நிறைவு உணர்வு திட உணவு அளவுக்கு வராது. சாப்பாட்டின்போது தண்ணீர் மட்டும் போதும்.

நான்காவது ஒன்று, கவனிக்காமல் விடப்படுவது: மெதுவாகச் சாப்பிடுவது நீண்ட நேரம் சாப்பிட்டுக்கொண்டே இருப்பதாக மாறிவிடுவது. 40 நிமிடம் மேசையில் உட்கார்ந்தபடி பாத்திரத்திலிருந்து அவ்வப்போது ஒரு துண்டு எடுத்துக்கொண்டிருந்தால் வேகம் குறைவுதான், அளவு மட்டும் ஏறும். உங்கள் பங்கு முதலிலேயே தட்டில் இருக்க வேண்டும்.

குறைத்துச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறதே?

குறைத்தது எதை என்று பாருங்கள். புரதத்தையோ காயையோ குறைத்திருந்தால் இப்படித்தான் ஆகும், திருப்பிச் சேர்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தும் பசித்தால் ஒரே தாவலில் அதிகம் குறைத்துவிட்டீர்கள்; பாதியளவு திருப்பிப் போட்டு இரண்டு வாரம் அங்கேயே நில்லுங்கள். தூக்கம் குறைந்த மறுநாள் பசி கூடுதலாக இருப்பது இயல்பு. அந்த நாளை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள்.

எனக்குச் சாப்பாட்டு இடைவேளையே 10 நிமிஷம்தான். அதில் எப்படி?

அந்த வேளையில் நேரத்தை நீட்ட முடியாது, அதனால் அளவைப் பிரித்துவிடுங்கள். வழக்கமான சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கை அந்த 10 நிமிடத்தில், சிறிய வாயாக, பாதியில் ஒரே ஒரு நிமிடம் நிறுத்தி முடியுங்கள். மீதி ஒரு பங்கைத் தனி டப்பாவில் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் குடலின் தகவல் வந்துசேர்ந்திருக்கும். பல நாள் அந்த டப்பா தேவைப்படாது, தேவைப்பட்டால் தயங்காமல் சாப்பிடலாம். டப்பா கண்ணெதிரே மேசைமேல் இருக்கக் கூடாது என்பது மட்டும் முக்கியம்.

இதனால் எடை எவ்வளவு குறையும்?

ஆய்வகத்தில் ஒரு வேளை உணவு குறைந்ததை வைத்து மாதக் கணக்கில் எடை இவ்வளவு குறையும் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். உடல் ஓரளவு ஈடுகட்டும். அடுத்த வேளையில் கொஞ்சம், அசைவைக் குறைத்துக் கொஞ்சம். கவனத்தோடு உண்ணும் பயிற்சி கட்டுப்பாடின்றி அள்ளிச் சாப்பிடும் பழக்கத்தைக் குறைப்பதில் தெளிவான பலன் தந்திருக்கிறது. எடையில் அதன் பலன் சிறியது, ஆளுக்கு ஆள் மாறுவது. தராசைப் பார்ப்பதானால் வாரத்துக்கு ஒரு முறை, அதே நாள், அதே நேரம். எட்டு வாரத்தில் இடுப்பளவோ எடையோ அசையவில்லை என்றால், தட்டில் உள்ள பொருளை மாற்ற வேண்டும். வேகத்தை இன்னும் குறைப்பதால் பலன் வராது.

யார் இதைச் செய்யக் கூடாது?

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. வழக்கமான சாப்பாட்டுக்கு மருந்தை எடுத்துக்கொண்டு முக்கால்வாசியில் எழுந்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், படபடப்பு வரலாம். அவர்கள் வேகத்தைக் குறைக்கலாம். அளவைக் குறைப்பது மருந்தோடு சேர்த்து முடிவாக வேண்டும்.

உணவை அதிகமாகக் கட்டுப்படுத்துவது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது போன்ற கோளாறுகள் இருந்தவர்களுக்கு, வாய் எண்ணுவதும் மிச்சம் வைப்பதும் பழைய சுழலைத் திரும்பக் கிளப்பிவிடும். கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், எடை குறைந்துவரும் முதியவர்கள் மெதுவாகச் சாப்பிடலாம், அளவைக் குறைக்கக் கூடாது. இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கு அவர்களுடைய மருத்துவக் குழு தந்த உணவு முறையே முதன்மை.

இன்னொன்று: எந்தப் பயிற்சியும் இல்லாமல் நாலைந்து வாயிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, கூடவே காரணமில்லாமல் எடை இறங்குகிறது, விழுங்கச் சிரமமாக இருக்கிறது அல்லது அடிக்கடி வாந்தி வருகிறது என்றால், நிறைவு உணர்வு சீக்கிரம் வருகிறதே என்று மகிழ வேண்டாம். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.